பாட்டி தமிழில் எழுதிய பணக் கடிதம்: லண்டனுக்குப் போக நோட்டரி முத்திரை வேண்டுமா?

"சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 56. மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே ஒரு ஃபிளாட் வாங்குகிறாள், பேங்க் லோன் கிடைத்துவிட்டது. முன்பணத்துக்கு என் அம்மா, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், 90,000 வெள்ளி கொடுக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பேத்திக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, கைநாட்டு வைத்தார். நில லோட்டு விற்ற பணம் 70,000, நகை விற்றது 8,000, கூட்டுச் சீட்டு எடுத்தது 12,000 என்று அதில் இருக்கிறது. 'வீட்டில் உன் தம்பிக்கும் ஒரு பாத்தியதை இருக்கட்டும்' என்றும் எழுதியிருக்கிறார். மகள் அதைப் போட்டோ எடுத்து அங்குள்ள வக்கீலுக்கு அனுப்பிவிட்டாள். அவர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கேட்கிறார், நோட்டரி என்றும் ஏதோ எழுதியிருக்கிறார். டவுனில் பெட்டிஷன் எழுதுபவர் மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாணக் கமிஷனரிடம் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். வக்கீல் அதை ஏற்கவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியர் செய்து தருகிறேன் என்கிறார். நானே செய்தால் ஆகாதா? இல்லை, தம்பி வரியை எடுத்துவிட்டு, பழைய தேதியிலேயே புதுக் கடிதம் ஒன்று எழுதிவிடலாமா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பழைய கடிதத்தின் போட்டோ ஏற்கெனவே அந்த வக்கீலின் கணினியில் இருக்கிறது. அதே தேதியில், அதே ஆள், வேறு வாசகத்தோடு இன்னொரு கடிதம் போனால் எது உண்மை என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார், இரண்டையும் சந்தேகப்படுவார். பணமோசடி தடுப்பு விதிகளின்படி சந்தேகம் வந்தால் மேலே தெரிவிக்கும் கடமை அங்குள்ள வக்கீலுக்கு உண்டு, அப்படித் தெரிவித்ததை உங்கள் மகளிடம் சொல்லவும் கூடாது. வீடு வாங்குவது நின்றுபோகும், ஏன் நின்றது என்பதே உங்களுக்குத் தெரியாது. அந்த யோசனையை இதோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

மின்னஞ்சலை இன்னொரு முறை படியுங்கள்

நீங்கள் அனுப்பியிருந்த வக்கீலின் மின்னஞ்சலைப் படித்தேன். அதில் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன, இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் படித்துவிட்டீர்கள். முதல் வாக்கியம், கடிதத்தின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறது. அடுத்தது, பணம் கொடுப்பவரின் அடையாள ஆவண நகலை நோட்டரி பப்ளிக் சரிபார்த்து உறுதி செய்யவேண்டும் என்கிறது. நோட்டரி என்ற பேச்சு உங்கள் அம்மாவின் ஐசி நகலுக்குத்தான். மொழிபெயர்ப்புக்கு அவர் நோட்டரி கேட்கவே இல்லை.

இந்த வித்தியாசம் தெரியாமல் நிறைய பேர் வீண்செலவு செய்கிறார்கள், இன்னும் சிலர் தேவையான இடத்தில் செலவு செய்யாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் அரசு பதவி கொடுத்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் கிடையாது. அங்கே சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு என்றால், மொழிபெயர்த்தவர் அதிலேயே எழுதித் தரவேண்டும்: இது மூலத்தின் உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு என்ற வாசகம், மொழிபெயர்த்த தேதி, அவருடைய முழுப்பெயர், தொடர்பு கொள்ளும் விவரம், கூடவே கையெழுத்து. பொதுவாகக் கேட்பது அவ்வளவுதான். வேறு நாட்டில் வேறு வழக்கம். ஐரோப்பாவில் பல நாடுகள் தங்கள் நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரைத்தான் ஏற்கும். நம் ஊரிலிருந்து என்னதான் முத்திரை குத்தி அனுப்பினாலும் அங்கே மறுபடி மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அதனால் எந்த நாடு, எந்த நிறுவனம், எதற்காகக் கேட்கிறது என்பது தெரியாமல் நோட்டரியிடம் ஓடக்கூடாது.

மொழிபெயர்ப்புக்கு நோட்டரி எப்போது கட்டாயம்

கேட்கும் நிறுவனமே நோட்டரி உறுதி செய்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் கட்டாயம். அதில் வாதாடிப் பயனில்லை, அவர்கள் பேங்க், அவர்கள் விதி. இது தவிர, கடிதம் பணத்தை நகர்த்தும்போதும் நோட்டரி தேவைப்படும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவரின் கணக்கை மூடி வாரிசுகளுக்குக் கொடுக்கச் சொல்வது, இன்னாருக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று எழுதுவது, பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்பது, பின்னால் யாராவது உரிமை கேட்டு வந்தால் நான் பொறுப்பு என்று பேங்குக்கு உறுதி கொடுப்பது, எல்லாமே அந்த வகை. இந்தக் காகிதத்தை நம்பி பேங்க் ஒரு காசைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அதனால் கையெழுத்துப் போட்டவர் யார், மொழிபெயர்த்தவர் யார் என்று ஒரு நோட்டரி பார்த்து உறுதி சொல்லவேண்டும் என்று கேட்பார்கள்.

வெளிநாட்டு நீதிமன்றத்துக்கோ அரசுப் பதிவகத்துக்கோ போகும் காகிதம் வேறு கணக்கு. அங்கே அந்தந்த நீதிமன்ற விதி பேசும். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் அங்கே ஆட்சிமொழி, இருந்தும் தமிழில் உள்ள காகிதத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டுமானால் ஆங்கில மொழிபெயர்ப்பு கூட இருக்கவேண்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சான்றளித்ததாக இருக்கலாம், அல்லது தகுதியுள்ள ஒருவர் அபிடவிட் கொடுத்து உறுதி செய்திருக்கலாம்.

உங்கள் அம்மாவின் கடிதம் இதில் எதிலும் சேராது. அது பணம் எங்கிருந்து வந்தது, ஏன் கொடுக்கிறார் என்று தகவல் சொல்லும் கடிதம். பணத்தை நகர்த்தப்போவது இங்குள்ள அம்மாவின் பேங்க். ஆகவே சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு போதும். ஆனாலும் நோட்டரியிடம் நீங்கள் போகத்தான் வேண்டும், வேறு ஒரு காரணத்துக்காக, அதைக் கீழே சொல்கிறேன்.

வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா, தூதரகம் என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் புரிந்துகொள்ளுங்கள். அப்போஸ்டில் என்ற ஒரே சான்றிதழோடு முடிக்கும் உடன்படிக்கையில் இங்கிலாந்து, இந்தியா, சிங்கப்பூர் எல்லாம் இருக்கின்றன, இதை எழுதும் வரை மலேசியா இல்லை. அதனால் நம் நோட்டரியின் கையெழுத்தையும் உறுதி செய்து கொடு என்று வெளிநாட்டில் கேட்டால், புத்ராஜெயாவில் விஸ்மா புத்ராவுக்கும், அப்புறம் அந்த நாட்டின் தூதரகத்துக்கும் அலையவேண்டி வரும். மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போகும் காகிதங்களில் இதை அடிக்கடி கேட்பார்கள். உங்கள் வக்கீலின் மின்னஞ்சலில் அந்தப் பேச்சே இல்லை. கேட்காததைச் செய்து பணத்தையும் இரண்டு வாரத்தையும் தொலைக்காதீர்கள்.

கையில் இருக்கும் முத்திரை எதைச் சொல்கிறது

பெட்டிஷன் எழுதுபவர் கொடுத்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் வாசகத்துக்குக் கீழே சாய்வாக ஒரு நீல முத்திரை, நகல் மூலத்துக்கு ஒத்திருக்கிறது என்று. பக்கத்தில் கமிஷனரின் பெயரும் எண்ணும். மொழிபெயர்த்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அந்த முத்திரை சொல்வது, இந்தப் போட்டோஸ்டேட்டும் காட்டிய காகிதமும் ஒன்று என்பது மட்டும்தான். பாட்டி எழுதியதும் இங்கிலீஷில் இருப்பதும் ஒன்றா என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. வக்கீல் திருப்பி அனுப்பியதில் ஆச்சரியமில்லை.

கமிஷனரும் நோட்டரியும் ஒரே வேலை, ஒருவர் விலை குறைவு என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படியில்லை. கமிஷனர் நாட்டுக்குள் பயன்படும் சத்தியப்பிரமாணங்களுக்கு, தலைமை நீதிபதி நியமிப்பவர். நோட்டரி பப்ளிக் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுபவர், நீண்டகால அனுபவமுள்ள வக்கீலாக இருப்பார். மலேசியாவுக்கு வெளியே பயன்படுத்தப்போகும் பிரமாணத்தை அவர் வாங்கலாம். வெளிநாட்டில் தேடிப்பார்க்கும் பெயரும் நோட்டரியின் பெயர்தான். கமிஷனர் முத்திரை சிலசமயம் அங்கே செல்லும், ஏற்பவர் மனசு வைத்தால். அதை நம்பி வீட்டுக் காரியத்தில் இறங்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நோட்டரியும் மொழிபெயர்ப்பு சரி என்று சான்று சொல்வதில்லை. நோட்டரி உறுதி செய்த மொழிபெயர்ப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வதில் உண்மையில் நடப்பது இதுதான்: மொழிபெயர்த்தவர் நோட்டரி முன்னால் வந்து, எனக்கு இரண்டு மொழியும் தெரியும், என் தகுதி இது, இணைப்பில் உள்ளது முழுமையான சரியான மொழிபெயர்ப்பு என்று பிரமாணம் செய்து கையெழுத்துப் போடுவார். அவர் யார் என்பதையும், தன் முன்னால் பிரமாணம் செய்தார் என்பதையும் நோட்டரி உறுதி செய்வார். நோட்டரிக்கே இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்து, தானே ஒப்பிட்டுப் பார்த்துச் சான்று எழுதினால் கதை வேறு. எப்படியிருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதுதான் முக்கியம், முத்திரையின் அளவு இல்லை.

அதனால் நீங்களே செய்ய முடியாது. உங்கள் தமிழும் இங்கிலீஷும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீங்கள் கொடுப்பவரின் மகள், வாங்குபவரின் அம்மா. தலைமையாசிரியர் உறவுக்காரர் இல்லை என்றால் செய்யலாம். தன் தகுதி, முகவரி, ஐசி எண், போன் நம்பர் எல்லாம் எழுதி, வக்கீல் அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் இங்கிலீஷில் பேசத் தயாராக இருக்கவேண்டும். ஆனால் அவரை வேலை வாங்குவதற்கு முன்னால், தனியாள் ஒருவர் செய்தால் ஏற்பீர்களா, நிறுவனம்தான் செய்யவேண்டுமா என்று ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடச் சொல்லுங்கள் மகளை. நிறுவனம்தான் என்றால் கோலாலம்பூரில் உள்ள ஐடிபிஎம், அதாவது மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம், இந்த வேலைக்கே பேர்போனது. இல்லையென்றால் சான்றளிக்கும் வேறு மொழிபெயர்ப்பு நிறுவனங்களும் உண்டு.

மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு இடம். ஒன்று, பணம். பாட்டி வெள்ளி என்று எழுதியதைப் பழைய பழக்கத்தில் டாலர் என்று போட்டுவிடுவார்கள், பெட்டிஷன் எழுதுபவரின் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, 90,000 டாலர் என்று. பேங்க் கணக்கில் இருப்பது ரிங்கிட். அந்த ஒரு சொல்லுக்கே கேள்வி வரும். இரண்டாவது, பெயர். கடிதத்தில் பாட்டி தன்னை எப்படி அழைத்துக்கொண்டாலும், ஐசியில் அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி எழுதிவைத்த ஸ்பெல்லிங் எதுவோ, மொழிபெயர்ப்பில் அதையே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள், தந்தை பெயர் உட்பட. உங்கள் பிறப்புப் பத்திரத்தில் அம்மா பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வரி பிரமாணத்தில் சேர்த்துவிடலாம். நம் தோட்டத்துக் குடும்பங்களில் ஒரே பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பது சாதாரணம், அங்கிருப்பவர்களுக்கு அது தெரியாது.

கடிதத்தில் இருக்கும் இரண்டு வரிகள்

உண்மையில் உங்கள் சிக்கல் முத்திரையில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. சரியாக மொழிபெயர்த்தாலும், ஏன், சரியாக மொழிபெயர்த்தால்தான் இந்த இரண்டு வரியும் அங்கே பெரிதாகத் தெரியும்.

முதலாவது, தம்பிக்குப் பாத்தியதை. முன்பணத்தைப் பரிசாக யாராவது கொடுத்தால் இங்கிலாந்தில் கடன் கொடுக்கும் பேங்க் கேட்பது மூன்று: இது கடன் இல்லை, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம். யாரோ ஒருவருக்கு அந்த வீட்டில் பங்கு உண்டு என்றால், நாளைக்கு மகள் தவணை கட்டாமல் பேங்க் வீட்டை விற்கப் போகும்போது அந்த ஆள் குறுக்கே நிற்கலாம். உங்கள் அம்மா ஆசையாக எழுதிய அந்த வரியை அவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். அதை விட்டுவிட்டு மொழிபெயர்க்கச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் முழுமையான மொழிபெயர்ப்பு என்று பொய்க் கையெழுத்துப் போடவேண்டும். யாரையும் அந்த நிலைமைக்குத் தள்ளாதீர்கள்.

செய்யவேண்டியது, அம்மாவை உட்காரவைத்துக் கேட்பது. பேரனுக்கும் பங்கு உண்டு என்று சட்டப்படி நினைத்துச் சொன்னாரா, அல்லது அக்காள் தம்பியைக் கைவிடக்கூடாது என்று பாசத்தில் சொன்னாரா? பாசம்தான் என்றால் அதைப் பிரமாணத்தில் தெளிவாகச் சொல்லிவிடலாம். பங்குதான் வேண்டும் என்றால் அதை மறைத்துப் பரிசு என்று எழுதுவது பொய். அப்போது மகளின் வக்கீலிடம் உள்ளபடி சொல்லி, பேங்க் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும், ஒத்துக்கொள்ளாமல் போகவும் வாய்ப்பு அதிகம். எந்தப் பதில் வரவேண்டும் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். நோட்டரியும் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவார், நோட்டரியாக நானும் அப்படித்தான் செய்வேன். வயதானவர், படிப்பு குறைவு, ஆயுள் சேமிப்பு, கூட வந்திருப்பது பணத்தால் பலன் அடையப்போகும் குடும்பம், இதையெல்லாம் பார்க்கும் நோட்டரி சும்மா முத்திரை குத்தமாட்டார். குத்தினால் அவர் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது, கூட்டு. டவுனில் பாதிப் பேர் கட்டுகிறார்கள், உங்களுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியாது. ஆனால் மலேசியாவில் 1971-லேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது, கூட்டை ஒரு தொழிலாக நடத்துவது குற்றம். அம்மா நடத்தவில்லை, கட்டினார். இருந்தாலும் தடைசெய்யப்பட்ட ஒன்றிலிருந்து வந்த பணம் என்று இங்கிலீஷில் எழுதி, பணமோசடி தடுப்பு விதிகளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு வக்கீலின் மேஜையில் வைத்தால் அவர் கண்டிப்பாக நிறுத்திக் கேட்பார். யார் நடத்தினார், ரசீது உண்டா, எத்தனை மாதம் கட்டினார் என்று. அம்மாவிடம் இருப்பது சிவப்பு அட்டை நோட்டில் பேனாவால் போட்ட டிக்குகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

90,000-த்தைப் பிரித்துப் பாருங்கள். லோட்டு விற்ற 70,000-க்கு விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது, பேங்கில் காசோலையாக ஏறியது இருக்கிறது. நகை விற்ற 8,000-க்கு நகைக்கடை ரசீது இருக்கிறது. இந்த 78,000 யார் கேட்டாலும் காட்டக்கூடிய பணம். மீதி 12,000-ஐ இந்தப் பரிசிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அது அம்மாவின் கணக்கிலேயே இருக்கட்டும், அவர் மருந்துச் செலவுக்கு ஆகும். குறைகிற 12,000-ஐ உங்களால் கொடுக்க முடிந்தால், 55 வயது தாண்டிவிட்டீர்கள், ஈபிஎஃப் சேமிப்பிலிருந்து எடுத்து நீங்கள் தனியாகப் பரிசாகக் கொடுங்கள். உங்கள் பரிசுக் கடிதத்தை நீங்களே இங்கிலீஷில் எழுதிவிடலாம், ஈபிஎஃப் அறிக்கையும் இங்கிலீஷில் எடுக்கலாம், அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. கூட்டுப் பணம் இரண்டு தடவையாக ரொக்கமாக அம்மா கணக்கில் போடப்பட்டிருக்கிறது. பேங்க் அறிக்கையை அனுப்பும்போது அந்த இரண்டு வரியும் தெரியும், கடிதத்திலும் அது இருக்கிறது. கேட்டால் உள்ளதைச் சொல்லவேண்டியதுதான். பரிசில் அது சேரவில்லை என்பதால் கேள்வி சின்னதாக இருக்கும், கேள்வியே வராது என்று சொல்லமாட்டேன். பிரமாணத்தில் கூட்டைப் பற்றி எப்படி எழுதுவது என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவின் பிரமாணம்

மேலே சொன்ன வேறு காரணம் இதுதான். பழைய கடிதத்தை மொழிபெயர்த்து அனுப்பினால் மட்டும் அதில் உள்ள சிக்கல் தீராது, அம்மா இன்றைய தேதியில் ஒரு புதிய சத்தியப்பிரமாணம் கொடுக்கவேண்டும். அதை இங்கிலீஷிலேயே எழுதலாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்பீர்கள். அதற்கு வழி இருக்கிறது: பிரமாணத்தின் கடைசியில், இதை இன்னார் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கினார், பிரமாணம் செய்பவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது, அதன்பிறகே என் முன்னால் கைநாட்டு வைத்தார் என்று ஒரு பத்தி சேர்ப்போம். வாசித்துக் காட்டியவரும் அங்கேயே கையெழுத்துப் போடுவார். நோட்டரிக்குத் தமிழ் தெரிந்தால் அவரே வாசித்துக் காட்டியதாக எழுதிக்கொள்வார். இப்படிச் செய்த காகிதம் பிறந்ததே இங்கிலீஷில், அதற்கு மொழிபெயர்ப்பு என்ற கேள்வியே கிடையாது. இனிமேல் இப்படி ஒரு கடிதம் தேவைப்படும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், தமிழில் எழுதிவிட்டு மொழிபெயர்க்க அலைவதைவிட இது மேல். ஆனால் ஏற்கெனவே எழுதிய கடிதத்துக்கு இது மாற்று ஆகாது. கடிதம் அவர்கள் கையில் இருக்கிறது, அதன் மொழிபெயர்ப்பும் கூடவே போகவேண்டும்.

பிரமாணத்தில் இருக்கவேண்டியது அதிகமில்லை. அம்மா யார், பேத்திக்கு என்ன உறவு. எந்தத் தேதியில் ஒரு கடிதம் எழுதினார், அதன் நகலும் மொழிபெயர்ப்பும் இணைப்பாக இருக்கின்றன என்பது. இப்போது கொடுப்பது 78,000 ரிங்கிட் மட்டும், அது எந்த விற்பனையிலிருந்து வந்தது. திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கு கோரமாட்டேன். தம்பி பற்றி எழுதிய வரி ஆசையே தவிர நிபந்தனை இல்லை, அது உண்மையாக இருந்தால் மட்டும். பொய்ப் பிரமாணம் செய்தால் சிறைக்குப் போகக்கூடிய குற்றம், ஆகவே அம்மாவுக்குத் தெரியாத எந்த வரியும் அதில் இருக்கக்கூடாது. எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு முன்னால் அந்த வரைவை மகள் வழியாக வக்கீலுக்கு அனுப்பி, இந்த வாசகம் போதுமா, பேங்குக்கென்று தனிப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சில பேங்குகள் தங்கள் சொந்தப் படிவத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அப்படியானால் அந்தப் படிவத்தையே அம்மாவுக்கு வாசித்துக் காட்டி அதே பத்தியைச் சேர்த்துவிடலாம்.

அப்புறம் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ உள்ள ஒரு நோட்டரியிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, அம்மாவை நேரில் அழைத்துப் போங்கள். வீட்டில் கைநாட்டு வைத்துக் கொண்டுபோனால் செல்லாது, அவர் கண் முன்னால்தான் வைக்கவேண்டும். அசல் ஐசி, அசல் கடிதம், மொழிபெயர்ப்பு, லோட்டு ஒப்பந்தம், நகை ரசீது, பேங்க் அறிக்கை எல்லாம் கையில் இருக்கட்டும். ஐசி நகலையும் அதே சந்திப்பில் உறுதி செய்து வாங்கிவிடுங்கள், வக்கீல் உண்மையாகவே நோட்டரி கேட்டது அதற்குத்தான். லோட்டு ஒப்பந்தம் மலாயில் இருந்தால் அதற்கும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும், உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரங்களுக்கும் அப்படியே. தமிழ்க் கடிதத்தைப் பற்றியே கவலைப்பட்டு மலாய்க் காகிதங்களை அப்படியே அனுப்பிவிடுபவர்கள் அதிகம். அங்கே இரண்டும் அந்நிய மொழிதான். பேங்க் அறிக்கையை மட்டும் இங்கிலீஷிலேயே கேட்டு வாங்கலாம்.

நோட்டரி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, இணைப்புகளுக்கு எண் போட்டு, நாடாவோ ஸ்டேப்பிளோ போட்டு அதன்மேல் முத்திரை அழுத்திக் கொடுப்பார். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கும் என்று அதைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்த கட்டை யாரும் ஏற்கமாட்டார்கள், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். மடித்து வைத்தபடியே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மகளுக்கு அனுப்புங்கள், வக்கீல் சரி என்று சொன்ன பிறகு கட்டைக் கூரியரில் அனுப்பலாம். பாட்டியின் அசல் கடிதம் உங்களிடமே இருக்கட்டும், கட்டுக்குள் போவது அதன் நகல்தான். வக்கீல் அசலையே கேட்டால் ஏன் என்று கேட்டு, திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

மகளின் பேங்க் கடன் ஒப்புதலுக்கு ஒரு காலாவதித் தேதி இருக்கும், அதை இன்றைக்கே கேட்டு வையுங்கள். பணத்தை அனுப்புவது எல்லாவற்றுக்கும் கடைசி. வக்கீல் காகிதங்களை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிய பிறகு, அம்மாவின் கணக்கிலிருந்தே நேராகப் போகட்டும், உங்கள் கணக்கு வழியாக வேண்டாம். நடுவில் ஒரு கணக்கு நுழைந்தால் உங்கள் ஆறு மாத அறிக்கையையும் கேட்பார்கள், கடைக்கு வந்த ரொக்கம் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும்.